ஈரப்பதன் கழிவு சரியாகப் போகிறதா? நெல் கொள்வனவு மென்பொருளைக் கணக்காய்வு செய்தல்

கேள்வி: சேர், நான் சம்மாந்துறைப் பக்கம் ஒரு அரிசி ஆலையில் உள்ளகக் கணக்காய்வு செய்கிறேன். முன்பு சிட்டைக் கட்டை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம். இப்போது லொறி நிறுப்பதிலிருந்து காசு கொடுப்பது வரை எல்லாம் மென்பொருளில்தான். ஈரப்பதன் 14 சதவீதத்தைத் தாண்டினால், தாண்டும் ஒவ்வொரு சதவீதத்துக்கும் நிறையில் ஒரு சதவீதம் கழிப்போம். பொதுக் கட்டுப்பாடு, பிரயோகக் கட்டுப்பாடு என்று படித்திருக்கிறேன், ஆனால் இங்கே எது எது என்று பிரிக்கத் தெரியவில்லை. தரவு முழுவதையும் எக்செலில் தருவதாகச் சொல்கிறார்கள். அதில் எந்தப் பரிசோதனைகளைச் செய்வது?

பதில்: அந்த ஈரப்பதன் கழிவையே எடுத்துக்கொள்வோம். நீங்கள் கேட்பதெல்லாம் அதற்குள் வந்துவிடும்.

எழுத்தர் 17.8 என்று தட்டியதும் மென்பொருள் தானாக 3.8 சதவீதத்தைக் கழித்துக் காசைக் கணக்கிடுகிறது. இது பிரயோகக் கட்டுப்பாடு. 45 என்று தட்டினால் ஏற்க மறுப்பதும், ஒரே சிட்டைக்கு இரண்டாவது வவுச்சர் அடிக்க விடாமல் தடுப்பதும் இதே வகைதான். ஒவ்வொரு சிட்டையும் சரியாகப் போகிறதா என்று பார்ப்பது இவற்றின் வேலை.

பொதுக் கட்டுப்பாடு எந்தச் சிட்டையையும் தொடாது. அந்தக் கழிவுச் சூத்திரத்தை யார் மாற்றலாம், மாற்றியதை யார் சோதித்துப் பார்க்கிறார், தரவுத்தளத்துக்குள் நேரே போகக்கூடியவர்கள் யார், வேலையை விட்டுப் போனவரின் கணக்கு மூடப்பட்டதா என்பவை எல்லாம் அதன் பக்கம். வாய்க்கால் கதவு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், அதன் திறப்பு ஊரில் நாலு பேரிடம் இருந்தால், காலையில் அளந்த தண்ணீர்தான் இரவிலும் போனது என்று வட்டவிதானையால்கூடச் சொல்ல முடியாது.

பலரும் தடுமாறும் இடம் விலைப் பட்டியல். நாட்டு நெல்லுக்கு இன்றைய விலை என்ன என்பதை முகாமையாளர் மட்டும் அதற்குரிய திரையில் மாற்ற முடிகிறது என்றால், அது பிரயோகக் கட்டுப்பாடு. அந்தத் திரைக்கே போகாமல், மென்பொருள் செய்து கொடுத்த ஆள் கொழும்பிலிருந்து தொலைவழியாக உள்ளே வந்து தரவுத்தளத்தில் விலையை மாற்றிவிட முடியும் என்றால், அது பொதுக் கட்டுப்பாட்டில் உள்ள ஓட்டை. மாறிய விலை ஒன்றுதான். ஆனால் மாற்றம் எந்த வழியால் வந்தது என்பதைப் பொறுத்து உங்கள் கேள்வியும் மாறும், கேட்க வேண்டிய ஆளும் மாறுவார்.

இந்தப் பிரிப்பு உங்கள் வேலையின் அளவையே தீர்மானிக்கிறது. கணினி ஒரே கணக்கை ஒரே மாதிரித்தான் செய்யும். ஆகவே ஈரப்பதன் கழிவை 50 சிட்டையில் சோதிக்கத் தேவையில்லை. 14க்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று, தசமத்தோடு ஒன்று, வெற்றாக விட்ட ஒன்று, அபத்தமான எண்ணோடு ஒன்று, இப்படி ஒவ்வொரு நிலைமைக்கும் ஒரு சோதனை போதும். இதை மென்பொருளின் சோதனைப் பிரதியில் செய்யுங்கள். வெள்ளாமை வெட்டு நேரத்தில் உண்மையான கொள்வனவுக்குள் பொய்ச் சிட்டை போட்டால், அதை எடுப்பதே தனி வேலையாகிவிடும்.

ஆனால் இன்று சோதித்த கணக்குத்தான் போகம் முழுவதும் ஓடியது என்று எப்படித் தெரியும்? அதற்குப் பொதுக் கட்டுப்பாடு, முக்கியமாக மாற்றக் கட்டுப்பாடு, அந்தக் காலம் முழுவதும் உறுதியாக இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த ஐந்து சோதனையும் அந்த ஒரு நாளைக்கு மட்டுமே சாட்சி. அப்போதுதான் முழுத் தரவையும் பரிசோதிக்க வேண்டி வருகிறது. எந்தக் கட்டுப்பாட்டை நம்ப முடியவில்லை என்று முதலில் பாருங்கள். எந்தப் பரிசோதனை தேவை என்பது அதிலிருந்து தெரிந்துவிடும்.

உங்கள் ஆலை அளவில் பொதுக் கட்டுப்பாட்டில் இரண்டை நன்றாகப் பார்த்தால் பெரும்பகுதி தெளிந்துவிடும். முதலாவது, பயனர் பட்டியல். அதை மென்பொருளிலிருந்தே எடுத்துச் சம்பளப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். போனவர்களின் பெயர் இன்னும் இருக்கிறதா, `admin` என்ற ஒரே கணக்கை மூன்று பேர் பகிர்கிறார்களா என்று பாருங்கள். இரண்டாவது, மாற்றங்கள். இங்கே திசை முக்கியம். கோரிக்கைக் கோவையை எடுத்து, அதில் உள்ள மாற்றங்கள் நடந்தனவா என்று பார்த்தால் எல்லாம் அழகாகவே இருக்கும். மாற்றி வாருங்கள்: சேவரில் நிரல் கோப்புகள் கடைசியாக மாறிய திகதிகளை எடுத்து, அந்த ஒவ்வொன்றுக்கும் கோரிக்கையும் சோதித்த கையொப்பமும் இருக்கின்றனவா என்று தேடுங்கள். எழுதாமல் செய்த மாற்றம் இந்த வழியில்தான் அகப்படும். பேக்அப் பற்றி ஒரே கேள்வி போதும்: கடைசியாக எப்போது அதை மீட்டுப் பார்த்தீர்கள்?

சரி, எக்செல் கோப்புக்கு வருவோம். தரவு கையில் கிடைத்ததும் பரிசோதனையில் இறங்கிவிடாதீர்கள். அது முழுத் தரவுதானா என்று முதலில் உறுதிசெய்யுங்கள். தரவு எடுக்கும்போது பக்கத்தில் இருந்து, வடிகட்டி ஏதும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இரத்துச் செய்த சிட்டைகள் விடுபட்டிருக்கும். தருகிறவர் அதைத் தவறாக நினைப்பதில்லை, ஆனால் உங்களுக்கு வேண்டியதே அவைதான். சிட்டை இலக்கத் தொடரில் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். மொத்தத் தொகை பொதுப் பேரேட்டின் நெல் கொள்வனவுக் கணக்கோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துவராவிட்டால் அங்கேயே நில்லுங்கள். அதற்கு மேல் செய்வதெல்லாம் வீண் வேலை.

அடுத்தது மறுகணிப்பு. F நிரலில் தேறிய நிறை, G நிரலில் ஈரப்பதன், H நிரலில் விலை இருந்தால் சூத்திரம் இதுதான்:

```
=ROUND(F2*(1-MAX(G2-14,0)/100)*H2,2)
```

ஒரு சிட்டையைப் போட்டுப் பார்ப்போம். தேறிய நிறை 5,340 கிலோ, ஈரப்பதன் 17.8, விலை கிலோவுக்கு 120 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். கழிவு 3.8 சதவீதம், அதாவது 202.92 கிலோ. மிச்சம் 5,137.08 கிலோவுக்கு 616,449.60 ரூபா வர வேண்டும். மென்பொருளிலோ 621,576.00 இருக்கிறது. வித்தியாசம் 5,126.40 ரூபா. பின்னோக்கிக் கணக்குப் போட்டால், மென்பொருள் 17.8ஐ 17 ஆக எடுத்திருப்பது தெரியும். தசமத்தை வெட்டிவிட்டது. சிட்டையைக் கையில் எடுத்துப் பார்க்கிறவருக்கு இது கண்ணில் படாது, ஏனென்றால் அச்சில் 17.8 என்றே இருக்கும்.

இப்படி வித்தியாசம் வந்த சிட்டைகளை எண்ணி அறிக்கை எழுதுவதோடு விட்டுவிடாதீர்கள். அவற்றைத் திகதி வாரியாகவும் பயனர் வாரியாகவும் அடுக்குங்கள். போகத்தின் முதல் நாளிலிருந்து எல்லாச் சிட்டையிலும் வந்தால், சூத்திரம் தொடக்கத்திலேயே பிழை, அதாவது பிரயோகக் கட்டுப்பாட்டின் வடிவமைப்பே பிழை. ஒரு குறிப்பிட்ட திகதிக்குப் பிறகு மட்டும், யார் தட்டியிருந்தாலும் வந்தால், அன்றைக்கு யாரோ நிரலை மாற்றியிருக்கிறார்கள். நீங்கள் எடுத்த கோப்புத் திகதிகளோடு ஒப்பிட்டால் அது பிடிபடும். திகதி சிதறி, பயனர் மட்டும் ஒருவராகவே இருந்தால், அவருக்குத் தொகையைக் கையால் மாற்றும் உரிமை எப்படிக் கிடைத்தது என்று கேட்க வேண்டும்.

இந்த மறுகணிப்புக்கு ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. ஈரப்பதன் கட்டம் வெற்றாக இருந்தால் மேலே தந்த சூத்திரமும் கழிவு இல்லை என்றே சொல்லும். மென்பொருளும் அதையே சொல்லியிருக்கும். இரண்டும் ஒத்துப்போக, நெல்லுக்கு முழுக்காசும் போயிருக்கும். ஆகவே வெற்றான, பூச்சியமான ஈரப்பதன்களைத் தனியாக வடிகட்டுங்கள். கூடவே, ஒவ்வோர் எழுத்தரும் பதிந்த ஈரப்பதன்கள் எப்படிப் பரந்திருக்கின்றன என்று ஒரு பிவட் அட்டவணையில் பாருங்கள். மெஷினால் வெட்டி நேரே ஆலைக்கு வரும் நெல்லின் ஈரப்பதன் 14ஐ விட நன்றாகவே கூடியிருக்கும். மழை நாளிலும் ஒருவரின் பதிவுகள் மட்டும் 13.9, 14.0 என்று குவிந்திருந்தால், அந்த எண் ஈரப்பதன்மானியிலிருந்து வந்ததல்ல. எல்லைக்குள் உள்ள பொய்யான எண்ணை எந்தப் பிரயோகக் கட்டுப்பாடும் தடுக்காது. இங்கே தரவுப் பரிசோதனைதான் கைகொடுக்கும்.

இன்னொன்றும் செய்யுங்கள், உங்கள் மாதிரி ஆலைக்கு அது மிகப் பயன்படும்: ஒரே வாகனத்தின் வெற்று நிறையை ஒப்பிடுவது. லொறி இலக்கத்தின்படி தொகுத்து, நடு மதிப்பை எடுத்து, அதிலிருந்து ஒவ்வொரு தடவையும் எவ்வளவு விலகுகிறது என்று பாருங்கள். 100 லீற்றர் டீசல் கிட்டத்தட்ட 83 கிலோ. ஓர் ஆள் ஏறி இறங்கினால் இன்னொரு 60, 70 கிலோ. படங்கும் கயிறும் சேர்ந்தாலும் விலகலுக்கு ஓர் எல்லை உண்டு. வழக்கமாக 3,120 காட்டும் லொறி ஒரு நாள் 2,700 காட்டினால், 420 கிலோ இல்லாத நெல்லுக்குக் காசு போயிருக்கலாம். உழவு இயந்திரத்தில் வருவதற்கு மட்டும் கவனம்: பெட்டியை மாற்றிக் கொழுவிக்கொண்டு வருவார்கள், இயந்திரத்தின் இலக்கம் ஒன்றாகவே இருக்கும். அதற்காக யாரையும் கள்ளன் ஆக்கிவிட வேண்டாம்.

எண்களின் முதல் இலக்கமாக 1 அதிகமாகவும் 9 குறைவாகவும் வரும் என்கிற பென்ஃபோர்ட் விதியையும் போட்டுப் பார்க்கத் தோன்றும். இந்த நிறைகளுக்கு வேண்டாம். முதல் இலக்கங்கள் அந்த விதிப்படி பரவ, எண்கள் பத்து, நூறு, ஆயிரம் எனப் பல மடங்குகளுக்கு விரிந்திருக்க வேண்டும். லொறியின் கொள்ளளவு உங்கள் எண்களை ஒரு சிறிய எல்லைக்குள் அடைத்துவிடுகிறது. வரைபடம் கோணலாக வரும், அதற்குக் காரணம் லொறியாகத்தான் இருக்கும்.

இத்தனை செய்தாலும், நிறுக்கப்படாமலே உள்ளே போன லொறியைத் தரவு காட்டாது, நிறுக்காமல் எழுதிய லொறியையும் காட்டாது. அதற்கு வாயிற்காவலரின் பதிவேடு வேண்டும். வித்தியாசம் வந்த நாட்களோடு சாதாரண நாட்கள் சிலவற்றையும் எடுத்து, வாகன இலக்கமும் நேரமும் இரண்டு பக்கமும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். அந்தப் பதிவேடு கையெழுத்தில் இருப்பது உங்களுக்கு நல்லதுதான், மென்பொருளில் `admin` ஆக நுழைபவரால் அதைத் தொட முடியாது.

அறிக்கையில் கூடுதலாகப் போன காசையும் அதற்கு வழிவிட்ட ஓட்டையையும் தனித்தனியாக எழுதுங்கள். முதலாவதற்குக் கொள்வனவுப் பிரிவு பதில் சொல்ல வேண்டும். இரண்டாவதற்கு மென்பொருள் மாற்றங்களுக்கு அனுமதி கொடுப்பவர் பதில் சொல்ல வேண்டும். அப்படி ஒருவர் உங்கள் ஆலையில் இல்லவே இல்லை என்றால், அதுவே முதல் கண்டறிதல்.