ஓணம் தேதி ஏன் மாறுகிறது?

"ஓணம் ஒரு வருஷம் ஆகஸ்ட்டில் வருகிறது, இன்னொரு வருஷம் செப்டம்பரில் வருகிறது, ஏன்?"

இரண்டு கணக்கு சேர்வதால்தான்: மலையாளச் சிங்க மாதத்தில் திருவோணம் வரும் நாளே ஓணம். சிங்கம் சூரிய மாதம், நம்ம ஆவணி. ஆகஸ்ட் 17 வாக்கில் பிறக்கும். திருவோணமோ சந்திரன் நிற்கும் நட்சத்திரம். சந்திரன் 27 நட்சத்திரங்களையும் சுற்றிவர ஏறக்குறைய 27 நாள் ஆகும். அதனால் சிங்கத்துக்குள் திருவோணம் வருஷா வருஷம் இடம் மாறும். 2023-இல் ஆகஸ்ட் 29, சிங்கம் 13.

சரி, மாதத்துக்கு 31 நாள் என்றால் இரண்டு முறை வராதா? சில வருஷம் வரும். 2024-இல் ஆகஸ்ட் 19 அன்றே திருவோணம் வந்தது. அன்று சிங்கம் 3. இப்படி இரண்டு வந்தால் இரண்டாவதை எடுப்பதே வழக்கம். ஆகவே இரண்டாவது திருவோணமான செப்டம்பர் 15 அன்று, சிங்கம் 30-இல் கொண்டாடினார்கள்.