வேண்டாததைக் கழித்தால் விலை எவ்வளவு குறையும்?

கேள்வி: எங்கள் கணக்கு அலுவலகத்துக்கு எக்செல் மட்டும் போதும், ஆனால் எல்லாரும் முழுத் தொகுப்பையே வாங்கச் சொல்கிறார்கள். வீட்டிலும் பார்ப்பது ஏழு சேனல், கட்டுவது ஐம்பது சேனல் பேக்குக்கு. வேண்டாததை விட்டுவிட்டால் பணம் மிச்சமாகுமா? இப்படித் தலையில் கட்டுவது சட்டப்படி சரியா?

பதில்: பார்க்காத 43 சேனலுக்கும் பணம் அழுகிறோம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் பேக்கின் விலை அப்படிப் போடப்படுவதில்லை.

இரண்டே வீடுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வீட்டுக்காரர் சீரியல் சேனலுக்கு 18 ரூபாய் வரை கொடுப்பார், விளையாட்டுச் சேனலுக்கு 6 ரூபாய்தான். இரண்டாம் வீட்டில் சீரியலுக்கு 7, விளையாட்டுக்கு 17. தனித்தனியாக விற்றால், சீரியலை 18 ரூபாய்க்கு ஒருவரிடம் விற்கலாம்; 7 ரூபாய்க்கு இருவரிடமும் விற்றால் 14தான் வரும். விளையாட்டிலும் அதே கதை: 17 ரூபாய்க்கு ஒருவர். மொத்தம் 35. இரண்டையும் சேர்த்து 24 ரூபாய் என்று போட்டால் இருவருமே வாங்குவார்கள். 48 ரூபாய் கிடைக்கும். இன்னொரு வீட்டுக்குச் சேனலை அனுப்ப நிறுவனத்துக்குக் கூடுதல் செலவு ஏறக்குறைய இல்லை. மென்பொருளும் அப்படித்தான்.

ரசனை ஒன்றுக்கொன்று நேர்மாறாக இருப்பதால்தான் இந்தக் கணக்கு பலிக்கிறது. முதல் வீட்டுக்காரர் இரண்டுக்குமே அதிகம் கொடுப்பவர், இரண்டாமவர் இரண்டுக்குமே குறைவு என்றால் சேர்த்து விற்பதில் லாபமில்லை. உங்கள் பேக்கில் உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத சேனல்கள் இருப்பது தற்செயல் அல்ல.

ஆகவே "எத்தனை வேண்டாதவை இருக்கின்றன" என்று எண்ணாதீர்கள். வேண்டாததைக் கழித்தால் விலை எவ்வளவு குறைகிறது என்று மட்டும் பாருங்கள். சில சமயம் குறையவே குறையாது. 2021ஆம் ஆண்டுப் பதிப்பில், அமெரிக்காவில் எக்செல் மட்டும் 159.99 டாலர், வேர்டு, பவர்பாயிண்டும் சேர்ந்த வீட்டு உபயோகத் தொகுப்பு 149.99 டாலராக இருந்தது! (அந்தத் தொகுப்பை அலுவலக வேலைக்குப் பயன்படுத்த உரிமம் கிடையாது. உங்களைப் போன்றவர்கள் வணிகப் பதிப்பின் விலையோடுதான் ஒப்பிட வேண்டும்.)

சேனல்களில் விற்பவர் செய்வது, தனி விலையை ஏற்றிவைத்து பேக்கை மலிவாகக் காட்டுவது. இதைத் தடுக்க, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான டிராய் பேக் தள்ளுபடிக்கு 15 சதவீத வரம்பு வைத்தது; 2018இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த வரம்பு செல்லாது என்றது. 2022 திருத்தத்தில் வந்த வரம்பு 45 சதவீதம். அதாவது, தனி விலைகளின் கூட்டுத்தொகை 100 ரூபாய் என்றால் சேனல் நிறுவனம் அந்த பேக்கை 55 ரூபாய்க்குக் கீழே விற்கக் கூடாது. நீங்கள் பார்க்கும் ஏழின் தனி விலையை மட்டும் கூட்டுங்கள். பேக் விலையைவிடக் குறைந்தால் தனியாக எடுங்கள். இல்லையென்றால் பேக்கே லாபம், மீதி 43ஐ மறந்துவிடுங்கள்.

இதுவரை சொன்னது சேர்த்து விற்பது. ஒன்றைத் தனியாகக் கேட்டாலும் தர மறுத்து, இன்னொன்றையும் வாங்கினால்தான் தருவேன் என்பது வேறு. அது பிணைத்து விற்பது. மைக்ரோசாஃப்ட் 2017 முதல் அலுவலக உரையாடல் செயலியான டீம்ஸை அலுவலகத் தொகுப்போடு சேர்த்துக் கொடுத்தது. கையில் ஏற்கெனவே ஒன்று இருக்கும்போது போட்டிச் செயலிக்கு யார் தனியே பணம் கொடுப்பார்கள்? 2020இல் ஸ்லாக் நிறுவனம் ஐரோப்பிய ஆணையத்திடம் புகார் கொடுத்தது இதனால்தான்.

ஆணையத்துக்கு ஒரு பழைய அடி நினைவிருந்திருக்கும். 2004இல் விண்டோஸை மீடியா பிளேயர் இல்லாமலும் விற்க வேண்டும் என்று உத்தரவிட்டது. மைக்ரோசாஃப்டும் விற்றது, ஆனால் அதே விலைக்கு! வாங்க ஆளே இல்லை. எனவே 2025 செப்டம்பரில் டீம்ஸ் வழக்கை முடித்தபோது, டீம்ஸ் இல்லாத தொகுப்பைக் குறைந்த விலைக்குத் தர வேண்டும், அந்த விலை வித்தியாசம் ஏழு ஆண்டுகள் நீடிக்க வேண்டும் என்ற உறுதிமொழியை வாங்கிக்கொண்டது.

இந்தியாவில் 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் பிரிவு 3(4) பிணைத்து விற்பதைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் பிணைத்தாலே குற்றம் என்று அது சொல்லவில்லை. அதனால் போட்டி கணிசமாகப் பாதிக்கப்படுவதைக் காட்ட வேண்டும். எக்செல் தனியாகவும் கிடைக்கும்போது உங்கள் புகார் நிற்காது.

அலுவலகத்துக்கு ஒரு யோசனை. முழுத் தொகுப்பின் மாதச் சந்தாவை மூன்று ஆண்டுக் கணக்கில் 36ஆல் பெருக்கி, ஒரே முறை பணம் கட்டி வாங்கும் எக்செல்லின் விலையோடு ஒப்பிடுங்கள். அதற்கு முன், மேக்ரோ இல்லாத உங்கள் கோப்புகள் சிலவற்றை இலவச லிப்ரேஆஃபீஸ் கால்க்கில் திறந்து பாருங்கள். கோப்பு குலையாமல் திறந்தால் சில கணினிகளுக்கு எக்செல் தேவைப்படாது.