டிரையல் வகுப்பில் யார் எழுதினார்கள்?

வணக்கம் அம்மா,

மூன்று ஆன்லைன் ட்யூட்டர்களிடம் டிரையல் வகுப்பு முடிந்தும் யாரைச் சேர்ப்பது என்று புரியவில்லை, மூன்று பேருமே நன்றாகத்தான் பேசுகிறார்கள் என்றீர்கள். நீங்கள் அனுப்பிய மூன்று பதிவுகளையும் முழுக்கப் பார்த்தேன். மகள் வீட்டில் எழுதிப் பழகிய கட்டுரையையும் படித்தேன்.

முதலில் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் அவளுடைய மதிப்பெண்ணைப் பார்ப்போம். லிசனிங் 7.5, ரீடிங் 7, ஸ்பீக்கிங் 6.5, ரைட்டிங் 5.5. சராசரி 6.625. அதை அருகில் இருக்கும் அரை பேண்டுக்குக் கொண்டுவந்து மொத்தம் 6.5 கொடுத்திருக்கிறார்கள். பல்கலைக்கழகம் கேட்பதும் 6.5தான். ஆனால் எந்தப் பகுதியிலும் 6-க்குக் குறையக் கூடாது என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. ஆக, அவளுக்குக் குறைவது ரைட்டிங்கில் அரை பேண்ட் மட்டும். நான்கு பகுதிக்கும் சேர்த்து நாற்பது மணி நேரப் பேக்கேஜ் விற்க வந்த முதல் ட்யூட்டரை இந்த ஒரு காரணத்துக்காகவே தள்ளிவிடலாம். அவர் மதிப்பெண் அட்டையைக் கேட்கவே இல்லை.

அந்த 5.5 ஏன் வந்தது என்பது அட்டையில் இருக்காது. ரைட்டிங்கைத் திருத்துகிறவர் நான்கு விஷயங்களைத் தனித்தனியாகப் பார்த்து மதிப்பிடுகிறார்: கேட்டதற்குப் பதில் சொல்லியிருக்கிறதா, எண்ணங்கள் ஒன்றோடொன்று கோர்வையாகப் போகின்றனவா, சொல்வளம், இலக்கணம். ஆனால் கையில் கிடைப்பது ஒரே எண்தான். தேர்வில் எழுதிய தாளும் திரும்ப வராது. அதனால் எங்கே சறுக்குகிறாள் என்பதை அவள் எழுதியதைப் படித்துத்தான் கண்டுபிடிக்க முடியும். ட்யூட்டரின் முதல் வேலையே அதுதான். டிரையல் வகுப்பில் நான் பார்ப்பதும் பெரும்பாலும் அதைத்தான்.

உங்கள் மகளின் கட்டுரையையே எடுத்துக்கொள்ளுங்கள். ரைட்டிங்கில் இரண்டு டாஸ்க் உண்டு; இது கட்டுரை கேட்கும் டாஸ்க் 2. கேள்வி: நகரப் பேருந்துகளை இலவசமாக்க வேண்டும் என்கிறார்கள் சிலர், கூடாது என்கிறார்கள் சிலர், இரு தரப்பையும் விவாதித்து உங்கள் கருத்தையும் சொல்லுங்கள். குறைந்தது 250 சொற்கள் வேண்டும். அவள் 312 எழுதியிருக்கிறாள், நீளத்தில் குறையில்லை. ஆங்கிலமும் மோசமில்லை. அங்கங்கே ‘எ’, ‘தி’ விட்டுப்போயிருக்கிறது, ஆனால் எந்த வாக்கியமும் புரியாமல் போகவில்லை. சிக்கல் வேறு இடத்தில். இலவசம் வேண்டும் என்பதற்கு மூன்று பத்தி எழுதிவிட்டு, எதிர்த்தரப்புக்கு ‘சிலர் இதை ஏற்பதில்லை’ என்று ஒரே ஒரு வரி. சொந்தக் கருத்து எங்கேயும் நேராக வரவில்லை. கேள்வி மூன்று விஷயம் கேட்கிறது. அவள் பதில் சொன்னது ஏறக்குறைய ஒன்றுக்கு.

இப்போது இரண்டாவது ட்யூட்டருக்கு வருவோம். உங்களுக்கு அவரைத்தான் பிடித்திருக்கிறது. ஏன் என்பதும் புரிகிறது. அரை மணி நேரத்தில் கட்டுரை முழுக்கச் சிவப்பாக்கிவிட்டார். நான் எண்ணிப் பார்த்தேன், இருபத்து மூன்று திருத்தம். ஒவ்வொன்றும் சரியான திருத்தம்தான். ஆனால் பதிவில் கர்சர் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். முதல் நிமிடத்திலிருந்து கடைசி நிமிடம் வரை அவர்தான் டைப் செய்கிறார். அவள் “ஓகே சார், ஓகே சார்” என்கிறாள். வகுப்பு முடிந்தபோது கட்டுரை மேலாகிவிட்டது, ஆனால் எழுதியவள் மாறவில்லை. அதைவிட முக்கியம், அந்த இருபத்து மூன்றில் ஒன்றுகூட எதிர்த்தரப்பு ஒரு வரியோடு நின்றதைத் தொடவில்லை. அவளுக்கு இலக்கணம்தான் குறை என்றால் இவரை நானே சிபாரிசு செய்திருப்பேன்.

மூன்றாவது ஆசிரியை ‘சும்மா உட்கார்ந்திருந்தார், பாதி நேரம் பேசவே இல்லை’ என்று குறைப்பட்டீர்கள். அந்தப் பதிவை இன்னொரு முறை பாருங்கள். கட்டுரையைத் திறந்ததும் அதைத் தொடாமல் கேள்வியைச் சத்தமாக வாசிக்கச் சொல்கிறார். “இதில் உன்னிடம் எத்தனை விஷயம் கேட்கிறார்கள்?” என்கிறார். அவள் இரண்டு என்கிறாள். “விரல் விட்டு எண்ணு” என்கிறார். மூன்றாவது விரலில் அவளே நின்று, “ஓ, என் கருத்து” என்கிறாள். அப்புறம் எதிர்த்தரப்புக்கு ஒரு பத்தி புதிதாக எழுதச் சொல்லிவிட்டு ஆறு நிமிடம் வாயைத் திறக்கவில்லை. அந்த ஆறு நிமிடமும் அவள் எழுதிக்கொண்டிருந்தாள்; பகிர்ந்த ஆவணத்தில் எங்கே தயங்குகிறாள், எதை அழித்து எழுதுகிறாள் என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் அவர் சொன்னது ஒன்றே ஒன்று: “காரணம் சொல்லிவிட்டாய். அது எப்படி நடக்கும் என்று அடுத்த வரியில் சொல்லவில்லை.” காசு வாங்குகிறவர் சும்மா இருப்பது நமக்கு உறுத்தும்தான். ஆனால் பரிட்சை அறையில் அவள் செய்யப்போவது எதுவோ, அதை அவளையே செய்யவைத்தவர் மூவரில் இவர் ஒருவர்தான்.

என் கணிப்பை அப்படியே நம்பாதீர்கள், சரிபார்க்க எளிதான வழி இருக்கிறது. டிரையல் நடந்த அன்று மகளிடம் ‘பிடித்ததா’ என்று கேட்காதீர்கள். பிடிப்பதற்கு நூறு காரணம் இருக்கும். மறுநாள், குறிப்பு எதையும் பார்க்காமல், அதே மாதிரி வேறொரு கேள்வியைக் கொடுத்து நாற்பது நிமிடத்தில் எழுதச் சொல்லுங்கள். முந்தைய நாள் வகுப்பின் தடம் அதில் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். ஒரே டிரையலில் மதிப்பெண் ஏறாது. ஆனால் கேள்வியின் மூன்று பங்குக்கும் இடம் ஒதுக்கியிருந்தால், ஏதோ ஒன்று உள்ளே போயிருக்கிறது என்று பொருள். நீங்கள் மூன்று டிரையலையும் ஒரே வாரத்தில் வைத்துவிட்டதால் இப்போது எது யாரிடமிருந்து வந்தது என்று பிரிப்பது கொஞ்சம் கடினம். மூன்றாவது ஆசிரியையிடம் இன்னொரு ஒற்றை வகுப்பு காசு கொடுத்தே எடுத்துவிட்டு, மறுநாள் இந்தச் சோதனையை வையுங்கள். அந்த வகுப்பு நடக்கும்போது நீங்கள் கேமராவுக்கு வெளியே இருங்கள். இரண்டாவது பதிவில் ஓரிடத்தில் அவளுக்குப் பதிலாக நீங்கள் பதில் சொல்வது கேட்கிறது!

சேர்த்துவிட்டால் அடுத்த கேள்வி இலக்கு. ‘ரைட்டிங்கில் 6 எடுக்க வேண்டும்’ என்பது பரிட்சையின் இலக்கு, ஒரு வகுப்பின் இலக்கு ஆகாது. அந்த மணி நேரத்தின் முடிவில் அது நடந்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. வகுப்பின் இலக்கு கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு செயலாக இருக்க வேண்டும். உங்கள் மகளுக்கு முதல் வகுப்புக்கு நான் எழுதிக் கொடுப்பது இப்படி இருக்கும்: ‘முன்பு பார்க்காத ஐந்து கேள்விகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் எத்தனை விஷயம் கேட்கப்படுகிறது என்று தவறில்லாமல் பிரிப்பாள்.’ இரண்டாவது வகுப்புக்கு: ‘ஐந்து நிமிடத்தில் ஒரு திட்டம் போடுவாள், அதில் ஒவ்வொரு தரப்புக்கும் ஒரு காரணம், அது எப்படி நடக்கும் என்று ஒரு வரி, ஓர் உதாரணம் இருக்கும்.’ மூன்றாவதில்தான் அந்தத் திட்டத்தை முழுக் கட்டுரையாக்குவது. நான்காவதில், கடைசி மூன்று நிமிடத்தை ஒதுக்கி, விட்டுப்போன ‘எ’, ‘தி’-யைத் தேடிப் போடுவது. இலக்கணத்தை நான் மறக்கவில்லை, அதன் முறை அப்போதுதான் வருகிறது.

இந்த நான்கையும் ஆசிரியைக்கு அனுப்பி, அவர் எதையாவது மாற்றச் சொல்கிறாரா என்று கேளுங்கள். அவர் உங்களைவிட அருகிலிருந்து பார்த்தவர். மாற்றிச் சொல்லிக் காரணமும் சொன்னால் மகிழுங்கள். ‘எல்லாம் பார்த்துக்கலாம் மேடம்’ என்று மட்டும் பதில் வந்தால் யோசியுங்கள்.

பரிட்சைக்கு எட்டு வாரம் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு வகுப்பு போதும் என்பது என் எண்ணம், ஆனால் இடையில் நேரம் வைத்து ஒரு டாஸ்க் 2, ஒரு டாஸ்க் 1 கட்டாயம் எழுத வேண்டும். டாஸ்க் 2-க்கு டாஸ்க் 1-ஐப் போல இரண்டு மடங்கு எடை என்பதால் அதற்கு நாற்பது நிமிடம், இதற்கு இருபது. கணினியில் தேர்வு எழுதப்போகிறாள் என்றால் பயிற்சியும் கணினியில், எழுத்துப்பிழை காட்டும் வசதியை அணைத்துவிட்டு.

பணத்தை நான்கு வகுப்புக்கு மட்டும் கட்டுங்கள். பேக்கேஜ் எடுத்தால் சலுகை கிடைக்கும்தான். ஆனால் இருபது வகுப்புக்குக் கட்டிவிட்டால், பிடிக்காமல் போனாலும் காசுக்காகத் தொடர்வோம். கட்டுவதற்கு முன் இன்னொன்றும் கேளுங்கள்: டிரையல் எடுத்தவரே எல்லா வகுப்பும் எடுப்பாரா? சில இடங்களில் டிரையலுக்கு நன்றாகப் பேசுகிறவரை உட்காரவைத்துவிட்டு, அப்புறம் வேறொருவரை அனுப்புகிறார்கள்.

நான்காவது வகுப்பு முடிந்த வாரம் பார்க்காத கேள்வி இரண்டை நேரம் வைத்து எழுதவையுங்கள். அவற்றை ஆசிரியையிடம் மட்டும் கொடுக்காதீர்கள். வகுப்பு எடுக்காத வேறொருவரிடம் திருத்துவதற்கு மட்டும் கட்டணம் கொடுத்து நான்கு பிரிவிலும் தனித்தனியாக மதிப்பிடச் சொல்லுங்கள். எந்த ஆசிரியருக்கும் தன் மாணவியின் கட்டுரையில் அவள் சொல்ல வந்தது தெரியும், அதனால் தாளில் இல்லாததையும் சேர்த்துப் படித்துவிடுவார். மதிப்பீடு அரை பேண்ட் வரை முன்பின் இருக்கலாம் என்பதால் எண்ணைவிடக் குறிப்புகளைப் பாருங்கள். ‘கேட்டதற்குப் பதில்’ என்ற பிரிவில் பழைய குறையே மறுபடி எழுதப்பட்டிருந்தால், அதை அப்படியே காட்டி, வேறு எப்படிச் சொல்லித்தரலாம் என்று ஆசிரியையிடம் கேளுங்கள். அடுத்த இரண்டு வகுப்பிலும் அது போகவில்லை என்றால் ஆளை மாற்றலாம், அப்போதும் இரண்டு வாரம் மிச்சமிருக்கும்.

கடைசியாக, முதல் ட்யூட்டர் அனுப்பிய அந்த ‘எந்தக் கேள்விக்கும் பொருந்தும்’ மாதிரிக் கட்டுரை மகளின் மேசையில் இருந்தால் எடுத்து வைத்துவிடுங்கள். மனப்பாடம் செய்த பத்தி என்று திருத்துகிறவருக்குத் தெரிந்தால் மதிப்பெண் குறையும். கேள்வியைப் படிக்காமல் எழுதுவதுதான் அவளுடைய நோயே. அந்த மாதிரிக் கட்டுரை அதை இன்னும் வளர்க்கும். கேள்வியையும் அவளுடைய மூன்று விரலையும் மட்டும் மேசையில் விட்டுவையுங்கள்.