பத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் மணி முள்: கடிகாரப் பயிற்சித்தாள் கேள்வி பதில்

என் மகன் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். பயிற்சித்தாளில் கையால் வரைந்த இரண்டு கடிகாரங்கள். முதலாவதில் பெரிய முள் 10-ல் இருக்கிறது, சிறிய முள்ளும் ஏறக்குறைய அங்கேயே. இரண்டாவதில் பெரிய முள் 3-ல், சிறிய முள் 11-ஐக் கொஞ்சம் தாண்டி. எவ்வளவு நேரம் கழிந்தது என்பது கேள்வி. மகன் 25 நிமிடம் என்கிறான், அவன் அப்பா 1 மணி 25 நிமிடம் என்கிறார். வீட்டில் ஒரே சண்டை.

அப்பா சொல்வதுதான் சரி. ஆனால் மகனுக்குக் கழிக்கத் தெரியவில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அவன் பிழை கணக்கில் இல்லை, கடிகாரத்தைப் பார்த்ததில் இருக்கிறது.

முதல் கடிகாரத்தில் சிறிய முள் 10-க்கு ஒரு மயிரிழை முன்னால் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் மணி இன்னும் 9-தான். பெரிய முள் 10-ல் இருப்பதால் 50 நிமிடம். ஆக 9:50. மகன் அதை 10:50 என்று படித்திருக்கிறான். உண்மையிலேயே 10:50 ஆகியிருந்தால் சிறிய முள் 11-ஐ நெருங்கியிருக்கும், 10-ன் பக்கத்தில் அதற்கு வேலையே இல்லை. ஒரு மணி நேரத்தில் ஆறில் ஐந்து பங்கு போய்விட்டது என்று பெரிய முள் சொன்னால், சிறிய முள்ளும் இரண்டு எண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் ஆறில் ஐந்து பங்கைக் கடந்திருக்க வேண்டும். இரண்டு முட்களும் ஒன்றையொன்று ஆமோதிக்கிறதா என்று பார்ப்பதுதான் கடிகாரம் படிப்பது.

இரண்டாவது கடிகாரம் 11:15. இனி, 9:50-லிருந்து 10 மணிக்கு 10 நிமிடம், அங்கிருந்து 11-க்கு 1 மணி, பிறகு 15 நிமிடம். மொத்தம் 1 மணி 25 நிமிடம். மகன் 10:50-லிருந்து 11:15 வரை எண்ணி 25 நிமிடம் என்றான். தான் படித்த நேரத்துக்கு அவன் சரியாகவே எண்ணியிருக்கிறான். விடை சரியாக ஒரு மணி நேரம் விலகினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது மணி முள்ளை.

நான் நான்காம் வகுப்பு ஆசிரியை. ஏறக்குறைய இதே கணக்கை நானும் கொடுத்தேன். 9:50 முதல் 11:15 வரை. 2 மணி 35 நிமிடம், 1 மணி 65 நிமிடம், 1 மணி 53 நிமிடம் என்று விதவிதமாக வந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் தவறு போட்டுவிட்டுப் போகவா?

போடலாம். ஆனால் அந்த மூன்று பிள்ளைகளுக்கும் வேண்டிய பாடம் வெவ்வேறு. விடையைப் பார்த்தே அது எது என்று சொல்லிவிடலாம்.

2 மணி 35 நிமிடம் எழுதிய பிள்ளை 11-லிருந்து 9-ஐக் கழித்தது, பிறகு 15-லிருந்து 50 போகாதென்று 50-லிருந்து 15-ஐக் கழித்துவிட்டது. மணி ஒரு கணக்கு, நிமிடம் தனிக் கணக்கு என்று நினைக்கிற பிள்ளை அது.

1 மணி 65 நிமிடம் இன்னும் சுவாரசியமானது. அந்தப் பிள்ளை கடன் வாங்கியிருக்கிறது, ஆனால் 60-க்குப் பதிலாக 100 வாங்கியிருக்கிறது. 15 நிமிடம் 115 ஆகி, அதில் 50 போக 65. மணிப் பக்கம் 10-ல் 9 போக 1. சரியான விடையைவிட 40 நிமிடம் கூடுதலாக வந்தால் காரணம் பெரும்பாலும் இந்த 100-தான். நிமிடப் பகுதியில் 60-க்கு மேல் ஓர் எண் எழுதும்போதே பிள்ளைக்கு உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

1 மணி 53 நிமிடத்தைப் பார்த்தால் கழித்தலில் பிழை இல்லை. பெரிய முள் 10-ல் நிற்பதை 10 நிமிடம் என்றும், 3-ல் நிற்பதை 3 நிமிடம் என்றும் படித்திருக்கிறது. 9:10-லிருந்து 11:03 வரை எண்ணிப் பாருங்கள், அச்சாக 1 மணி 53 நிமிடம் வரும். இந்தப் பிள்ளைக்கு ஐந்து ஐந்தாக எண்ணும் பயிற்சி வேண்டும். கழித்தல் பயிற்சி கொடுத்தால் வீண்.

இதற்காகத்தான் ஒவ்வொரு கடிகாரத்துக்கும் கீழே நேரத்தை எழுத ஒரு கோடு விடுங்கள் என்று எப்போதும் சொல்வேன். இறுதி விடை மட்டும் இருந்தால் துப்பறிய வேண்டியிருக்கிறது. படித்த நேரம் எழுதியிருந்தால் அந்த வேலை மிச்சம், படித்ததற்கும் கணக்கிட்டதற்கும் தனித்தனியாக மதிப்பெண்ணும் தரலாம்.

சிறிய முள் எந்த எண்ணுக்கு அருகில் இருக்கிறதோ அதுதான் மணி. நான் இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன், பிள்ளைகளும் சரியாகத்தான் சொல்கிறார்கள். இதில் என்ன குறை?

பெரிய முள் 6-ஐ எட்டும்வரை ஒரு குறையும் இல்லை. 9:05, 9:15, 9:25 எல்லாம் சரியாக வரும். 9:30-ல் சிறிய முள் இரண்டுக்கும் நட்டநடுவே நின்றுகொண்டு உங்கள் விதியைத் திணறடிக்கும். 9:35-லிருந்து ஒவ்வொரு விடையும் ஒரு மணி கூடும். மேலே முதல் கேள்வியில் அந்தப் பையனுக்கு நடந்தது இதுதான். முழு மணி, கால் மணி மட்டுமே கேட்கும் தாள்களில் இந்தக் குறை வெளியே தெரியாது, அதனால்தான் உங்களுக்கும் தெரியவில்லை.

‘அருகில் உள்ள எண்’ என்பதை விட்டுவிட்டு, ‘கடைசியாகத் தாண்டிய எண்’ என்று சொல்லிக்கொடுங்கள். 9-க்கும் 10-க்கும் இடைப்பட்ட இடம் முழுவதும் 9-ன் வீடு. அதை ஒரு நிறத்தில் தீட்டச் சொன்னால் வாசற்படி வரை வந்தாலும் முள் இன்னும் அந்த வீட்டுக்குள்தான் என்பது பிள்ளைக்குப் புரியும்.

அவசரத்தில் நானே வரைந்த தாள். 9:50 என்று நினைத்துப் பெரிய முள்ளை 10-லும் சிறிய முள்ளைச் சரியாக 9-லும் போட்டுவிட்டேன். முடியும் நேரம் 11:15. நாலைந்து பிள்ளைகள் 2 மணி 25 நிமிடம் என்று எழுதியிருக்கிறார்கள். விடைக்குறிப்பில் 1 மணி 25 நிமிடம். என்ன செய்வது?

அந்த நாலைந்து பேருக்கும் முழு மதிப்பெண் கொடுங்கள். உங்கள் படத்தை உங்களைவிட நன்றாகப் படித்தவர்கள் அவர்கள்.

பெரிய முள் 50 நிமிடத்தில் இருக்கும்போது சிறிய முள் எந்த எண்ணின் மீதும் சரியாக நிற்க முடியாது. ஆகவே படத்தில் ஏதோ பிசகு என்பது உறுதி. பிசகு எவ்வளவு என்பதுதான் கேள்வி. அது 8:50 என்றால் சிறிய முள் 9-க்கு 5 பாகை முன்னால் இருந்திருக்க வேண்டும். கையால் வரையும்போது 5 பாகை தவறுவது சாதாரணம். அது 9:50 என்றால் 9-ஐத் தாண்டி 25 பாகை போயிருக்க வேண்டும். இரண்டு எண்களுக்கு இடையே உள்ள மொத்த இடைவெளியே 30 பாகைதான். ஆக உங்கள் படத்துக்கு மிக நெருங்கிய நேரம் 8:50. அதிலிருந்து 11:15 வரை 2 மணி 25 நிமிடம்.

விடைக்குறிப்பின்படி எழுதியவர்களுக்கும் தவறு போட வேண்டாம், படம்தான் அவர்களைக் குழப்பியது. அடுத்த முறை பெரிய முள்ளை முதலில் வரைந்துவிட்டு, 15 நிமிடத்துக்குக் கால் இடைவெளி, 30-க்கு அரை, 45-க்கு முக்கால் என்று சிறிய முள்ளை நகர்த்தி வையுங்கள். கோணமானி வேண்டாம், கண்ணளவே போதும்.

இரண்டு முட்களும் ஒரே நீளமாக வரைந்திருந்தால்? ஒன்று சரியாக 4-ல், மற்றொன்று 8-ஐத் தாண்டி 9-ஐ நோக்கி மூன்றில் ஒரு பங்கு தூரத்தில்.

எண்ணின் மீது சரியாக நிற்கும் முள்ளைப் பிடித்துக்கொள்ளுங்கள். 4-ல் நிற்பது மணி முள் என்று வைத்துக்கொண்டால், மற்றது 12-ல் இருந்தாக வேண்டும். இல்லை. ஆகவே 4-ல் நிற்பது நிமிட முள், 20 நிமிடம். மற்றது 8-ஐத் தாண்டி மூன்றில் ஒரு பங்கு போயிருக்கிறது, 20 நிமிடத்துக்கு அது கச்சிதம். நேரம் 8:20.

எல்லாப் படத்துக்கும் இது கைகொடுக்காது. 1:35-ஐ ஒரே நீள முட்களோடு வரைந்தால் 7:08 போலவும் தெரியும், இரண்டுக்கும் வித்தியாசம் சில பாகைகளே. தாளில் மற்ற நேரங்கள் எல்லாம் ஐந்தின் மடங்காக இருந்தால் 1:35 என்று எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் உறுதி கேட்டால் வரைந்தவரைத்தான் கேட்க வேண்டும்.

எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தில் 6:30-க்கும் சிறிய முள் 6-லேயே நிற்கிறது. நீங்கள் சொல்வது அதற்குப் பொருந்தவில்லையே?

உங்கள் கடிகாரத்தில் முள் கோணலாகப் பொருத்தப்பட்டிருக்கிறது. 12 மணிக்கு இரண்டு முட்களும் ஒன்றன்மேல் ஒன்று நிற்கின்றனவா என்று பாருங்கள், நிற்காது. அதைச் சரிசெய்யும்வரை பிள்ளைக்குப் பாடம் நடத்த அந்தக் கடிகாரம் வேண்டாம்.

100 கடன் வாங்குவதைப் பற்றிச் சொன்னீர்கள். அப்படியென்றால் நேரக் கணக்கில் கழித்தல் முறையே கூடாது என்கிறீர்களா? 10:40-லிருந்து 1:20 வரை என்றால் என் மகளுக்குக் கழிக்கவே முடியவில்லை.

கூடாது என்று நான் சொல்லவில்லை. 60 கடன் வாங்கினால் கழித்தல் சரியாகவே வரும். உங்கள் கணக்கில் சிக்கல் வேறு, முள் 12-ஐத் தாண்டிவிட்டது. 1:20-ஐ 13:20 என்று எழுதிக்கொண்டால் 12 மணி 80 நிமிடத்திலிருந்து 10 மணி 40 நிமிடம் போக 2 மணி 40 நிமிடம். மகள் 9 மணி 20 நிமிடம் என்று எழுதியிருந்தால், பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறாள் என்று பொருள்.

எண்கோட்டில் தாவித் தாவிப் போவதா, ஒன்றன்கீழ் ஒன்று எழுதிக் கழிப்பதா என்பதில் ஆசிரியர்களிடையே ஒத்த கருத்து கிடையாது. நான் எண்கோட்டின் பக்கம். 10:40, 11:00, 1:00, 1:20 என்று தாவினால் 20 நிமிடம், 2 மணி, 20 நிமிடம். கடன் வாங்கவே வேண்டியதில்லை. ஆனால் 7:38 முதல் 12:13 வரை போன்ற கணக்கில் கழித்தல்தான் வேகம் என்று வாதிடும் நல்ல ஆசிரியர்களை எனக்குத் தெரியும். ஒரு முறையில் செய்ததை மற்றதால் சரிபார்த்தால் இருவருக்கும் திருப்தி.

இன்னொன்று. தாளில் காலை, பிற்பகல் என்று குறிப்பிட்டிருக்கிறதா? இல்லையென்றால் 14 மணி 40 நிமிடம் என்று ஒரு பிள்ளை எழுதினாலும் முகப்பை வைத்து மறுக்க முடியாது.

முடியும் நேரத்தைப் பிள்ளையே வரைய வேண்டும். என் பேரன் போட்ட வட்டத்தில் எண்கள் வலப்பக்கம் நெருங்கியும் இடப்பக்கம் அகன்றும் கிடக்கின்றன. 6 அடியிலேயே இல்லை. இதை எப்படித் திருத்துவது?

1-லிருந்து வரிசையாக எழுதிக்கொண்டே போனால் அப்படித்தான் ஆகும். 12, 6, 3, 9 என்று நான்கை முதலில் போடச் சொல்லுங்கள், மீதி தானாக இடம் பிடிக்கும்.

ஏற்கெனவே வரைந்ததைத் திருத்தும்போது உங்கள் மனதில் உள்ள கடிகாரத்தை மறந்துவிடுங்கள். முட்களைப் பேரன் எழுதிய எண்களோடு ஒப்பிட வேண்டும். விடை 4:30 என்றால் பெரிய முள் அவனுடைய 6-ஐக் காட்ட வேண்டும், அந்த 6 எங்கே ஒதுங்கிக் கிடந்தாலும். சிறிய முள் அவனுடைய 4-க்கும் 5-க்கும் நடுவில் இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் நேரம் சரி. வட்டத்துக்கு வேண்டுமானால் தனியாகப் பயிற்சி கொடுங்கள்.