ரூஃப் போட்ட பிறகு பாத்ரூம் கேட்கும் வீட்டுக்காரருக்கு என்ன எழுதுவது?

கேள்வி: திருச்சியில் சிறிய அளவில் வீடு கட்டிக் கொடுக்கிறேன். ஒரு வீட்டில் தரைத்தள ரூஃப் கான்கிரீட் போட்டு இரண்டு வாரம் ஆகிறது. வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர், மாடியில் ஹாலுக்கு மேலே வரும் முன்பக்க பெட்ரூமில் ஓர் அட்டாச்டு பாத்ரூம் வேண்டும் என்று இப்போது கேட்கிறார். மகன் கல்யாணத்துக்கு முன் வேண்டுமாம். அங்கே கழிவுக் குழாய்க்காகத் தாழ்த்திப் போடும் சங்கன் ஸ்லாப் விடவில்லை. நல்ல மனிதர், இன்னும் மூன்று தவணைப் பணம் பாக்கி. மனம் கோணாமல் மறுத்து எப்படி எழுதுவது?

பதில்: முதலில் போனில் பேசிவிடுங்கள். மறுப்பைக் கடிதத்தில்தான் முதன்முதலாகத் தெரிந்துகொண்டார் என்றால், எவ்வளவு பணிவாக எழுதினாலும் அவருக்கு உறுத்தும். பேசி முடித்த அன்றே கடிதத்தை அனுப்புங்கள். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து யோசிக்க அவர் கையில் எழுத்து வேண்டும்.

மறுப்புக்கான காரணம் கட்டடத்திலிருந்து வர வேண்டும். 'ஒப்பந்தத்தில் இல்லை', 'ஆள் கிடைக்கவில்லை' என்று தொடங்கினால் அது பேரத்துக்கு அழைப்பு. உங்கள் காரணம் தெளிவானது: கழிவுக் குழாய் போக ஸ்லாப் முக்கால் அடியாவது கீழே இறங்கியிருக்க வேண்டும், அந்த இடத்தில் ஸ்லாப் சமமாகப் போட்டாகிவிட்டது. அதை வெட்டினால் ஹாலின் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு ஓடும் கம்பிகள் அறுபடும். விளிம்பைத் தாங்க ஹாலின் கூரையில் புதிய பீம் வர வேண்டும். இதை நாலு வரியில் எழுதி, நீங்கள் மட்டும் சொல்லாமல் ஸ்ட்ரக்சுரல் என்ஜினியரின் கருத்தையும் வாங்கி இணைத்துவிடுங்கள்.

அவர் அடுத்து என்ன கேட்பார் என்பதும் தெரிந்ததுதான். 'பக்கத்து வீட்டில் தரையை உயர்த்திக் குழாய் விட்டார்களே, இங்கே ஏன் முடியாது?' இதற்குக் கடிதத்திலேயே பதில் இருக்கட்டும். வீட்டு அறைகளில் ஆட்களும் சாமான்களும் சேர்ந்து சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ என்று கணக்கிட்டே ஸ்லாப் வடிவமைக்கிறோம். முக்கால் அடி உயரத்துக்குச் செங்கல் ஜல்லியும் மண்ணும் நிரப்பினால் அந்த நிரப்பு மட்டுமே சுமார் 400 கிலோ வரும். அதற்கு மேல் டைல்ஸும் பாத்ரூம் சுவர்களும் இருக்கின்றன. கீழே சுவரோ பீமோ இல்லாத ஹாலின் நடுவில் இந்தப் பாரத்தை வைத்தால், ஸ்லாப் தொய்ந்து ஹால் கூரையில் விரிசல் தெரிய ஆரம்பிக்கும். எடை குறைந்த நிரப்புப் பொருள்கள் இருக்கின்றன. ஆனால் என்ஜினியர் கணக்குப் போட்டுச் சரி என்று சொல்லும் வரை அதை மாற்று வழியாக எழுதிவிடாதீர்கள்.

செலவைச் சொல்வதில்தான் பலரும் தவறுகிறார்கள். '1,70,000 ஆகும்' என்று ஒரே தொகையாகப் போட்டால், ஒரு பாத்ரூமுக்கா இவ்வளவு என்று தோன்றும், உங்கள் மீது சந்தேகம் வரும். இரண்டாகப் பிரியுங்கள்: உடைத்துத் திரும்பக் கட்டும் செலவு தனி, பாத்ரூமின் செலவு தனி. முதல் தொகை கண்ணுக்குத் தெரியாமல் போகும் பணம் என்று அவரே புரிந்துகொள்வார். நாள் கணக்கையும் '25 நாள் தாமதம்' என்று நிறுத்தாமல் எந்தத் தேதி எங்கே நகர்கிறது என்று எழுதுங்கள். உங்கள் வேலையில் மாடி ரூஃப் செப்டம்பரிலிருந்து அக்டோபர் நடுவுக்குப் போனால் வடகிழக்குப் பருவமழை நெருங்கிவிடும். அது அவருக்கு உடனே புரியும்.

மாற்று வழி சொல்லும் முன், அவருக்கு எதற்கு அது வேண்டும் என்று பாருங்கள். மகனுக்கும் மருமகளுக்கும் தனியாக ஒரு பாத்ரூம், அவ்வளவுதான். அது முன்பக்க அறையில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மாடியில் பின்பக்க பெட்ரூமை ஒட்டி ஏற்கெனவே சங்கன் விட்ட பொது பாத்ரூம் இருந்தால், மாடிச் சுவர் இன்னும் எழும்பாத இந்த நேரத்தில் அதன் கதவை அறைக்குள் திருப்புவது சின்ன வேலை. கீழ்த்தள யூட்டிலிட்டிக்கு மேலே இடம் இருந்தால் இன்னொரு வழியும் உண்டு: ஸ்லாபில் கோர் கட்டிங் போட்டு, குழாயைக் கூரைக்குக் கீழே தொங்கவிட்டு, வெளிச்சுவர் வழியாக எடுக்கலாம். அங்கே குழாய் தெரிவதும் உயரம் கொஞ்சம் குறைவதும் பெரிய குறையாகாது. ஹாலில் அப்படிச் செய்ய யாரும் சம்மதிக்க மாட்டார்கள்.

கடிதம் இப்படி இருக்கலாம். தொகைகளும் தேதிகளும் மாதிரிக்கு மட்டுமே, உங்கள் கணக்கை அதில் போட்டுக்கொள்ளுங்கள்.

"அன்புள்ள ஐயா, வணக்கம்.

மாடி முன்பக்க அறையில் அட்டாச்டு பாத்ரூம் வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். இன்று போனில் பேசியபடி விவரம் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 4 அன்று ரூஃப் போட்டபோது அந்த இடத்தில் ஸ்லாப் சமமாகப் போடப்பட்டது. இப்போது வெட்டி இறக்கினால் ஹால் கூரையின் பலம் பாதிக்கும். தரையை உயர்த்தினாலும் எடை தாங்காது. என்ஜினியரின் குறிப்பை இணைத்திருக்கிறேன். ஆகவே அந்த இடத்தில் இந்த வேலையைச் செய்ய இயலவில்லை, மன்னிக்கவும்.

பீம் கொடுத்து மாற்றிக் கட்டுவதாக வைத்துக்கொண்டாலும், உடைத்துத் திரும்பப் போட 90,000 ரூபாய், பாத்ரூமுக்கு 80,000 ரூபாய், மொத்தம் 1,70,000 ரூபாய் ஆகும். வரைபடம், உடைப்பு, கம்பி கட்டுதல், பீமுக்கு முட்டு நிற்க வேண்டிய 14 நாள் எல்லாம் சேர்த்து 25 நாள். செப்டம்பர் 20 அன்று போட வேண்டிய மாடி ரூஃப், மழை தொடங்கும் அக்டோபர் 15-க்குப் போய்விடும்.

தம்பிக்குத் தனி பாத்ரூம் கிடைக்க இரண்டு வழி சொல்கிறேன். ஒன்று, பின்பக்க அறையை அவருக்கு ஒதுக்கி, பக்கத்துப் பாத்ரூமின் கதவை அறைக்குள் திருப்பலாம். கூடுதலாக 6,000 ரூபாய், தாமதம் இல்லை. ஆனால் மாடியில் பொது பாத்ரூம் இருக்காது. இரண்டு, அதை அப்படியே விட்டு, யூட்டிலிட்டிக்கு மேலே பின்பக்க அறையை ஒட்டிப் புதிதாக ஒன்று கட்டலாம். 1,05,000 ரூபாய், 6 நாள் கூடும். என்ஜினியர் ஒப்புதல் வாங்கியிருக்கிறேன்.

என் யோசனை முதல் வழி. ஆகஸ்ட் 25-க்குள் சொன்னால் சுவர் எழுப்பும் முன் மாற்றிவிடலாம். அதற்குள் பதில் வராவிட்டால் பழைய வரைபடப்படியே வேலை தொடரும்."

கடைசி வரியை மரியாதைக் குறைவு என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். அது இல்லாமல் அவர் பத்து நாள் யோசித்தால், உங்கள் கொத்தனார் வேறு சைட்டுக்குப் போய்விடுவார். அந்தத் தாமதம் யாருடையது என்பதில் பிறகு சண்டை வரும். பாக்கித் தவணைகளைப் பற்றி இந்தக் கடிதத்தில் ஒரு வார்த்தையும் வேண்டாம், பணத்துக்காக மறுப்பதுபோல் ஆகிவிடும்.

அப்புறமும் அவர் 'எவ்வளவு ஆனாலும் சரி, அங்கேதான் வேண்டும்' என்றால், என்ஜினியர் கையெழுத்திட்ட புதிய வரைபடம், மாற்றிய தேதிகளோடு உரிமையாளரின் எழுத்துச் சம்மதம், உடைத்துக் கட்டும் 90,000 ரூபாய் முன்பணம் ஆகிய மூன்றும் வந்த பிறகே சுத்தியலை எடுங்கள். என்ஜினியர் கையெழுத்துப் போட மறுத்தால், பணம் வந்தாலும் தொடாதீர்கள்.