சவுண்ட், டி.ஜே. வாடகை: கேட்டதும் சொன்னதும்

200 பேர் வருவார்கள். சவுண்ட் செட், டி.ஜே. எவ்வளவு ஆகும்?

மூடிய ஹாலா, திறந்த வெளியா? எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா? எத்தனை மணி நேரம்? ஒன்றையும் எழுதாமல் விலை கேட்டால் என்ன சொல்வது? ஹால் என்றால் குரலுக்கும் பாட்டுக்கும் டாப் ஸ்பீக்கர் இரண்டு, பேஸுக்கு சப் ஸ்பீக்கர் இரண்டு ஓரளவு போதும். திறந்த வெளியில் ஒலியைத் திருப்பி அனுப்பச் சுவர் கிடையாது. தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் சுமார் 6 டெசிபல் இறங்கும். அங்கே ஏறக்குறைய இரு மடங்கு பெட்டி வேண்டும். வாடகையும் அதற்கேற்ப ஏறும்.

7 மணிக்கு ஆரம்பிக்க வேண்டிய நிகழ்ச்சி 8.15க்குத்தான் ஆரம்பித்தது. 4 மணி நேரத்துக்குப் பேசியதால் 12.15 வரை வாசிக்கச் சொன்னேன். ஓவர்டைம் கேட்கிறார்கள். நியாயமா?

நியாயம்தான். மாதாமாதம் இதே கேள்வி வருகிறது. நீங்கள் வாங்கியது பாட்டு ஒலிக்கும் நேரத்தை அல்ல, 7 முதல் 11 வரையிலான நேரத்தை. அவர்கள் 4 மணிக்கே வந்து, இரண்டு மணி நேரம் செட் பண்ணி, அரை மணி சவுண்ட் செக் முடித்து, 6.30க்குத் தயாராக நின்றிருப்பார்கள். விருந்தினர் தாமதமானதற்கு அவர்கள் என்ன செய்ய முடியும்? அவர்கள் லேட்டாக வந்திருந்தால் கதை வேறு. அப்போது அந்த நேரத்தை இலவசமாக ஈடுகட்ட வேண்டும்.

ஆனால் கணக்கைச் சரியாகப் போடச் சொல்லுங்கள். மொத்த வாடகை 100 பங்கு என்று வைப்போம். கருவிகளுக்கு 45, வண்டி, ஏற்றி இறக்கி, செட் பண்ணிப் பிரிப்பதற்கு 25, டி.ஜே.க்கும் ஆபரேட்டருக்கும் 30. சிலர் நூறை நாலால் வகுத்து மணிக்கு 25 என்பார்கள். அது தவறு, கூடுதல் மணிக்காக வண்டி இன்னொரு முறை வரப்போவதில்லை. கடைசி 30-ஐ மட்டும் நாலால் வகுத்தால் மணிக்கு ஏழரை. ஓவர்டைம் என்பதால் அதை ஒன்றரை மடங்காக்கினால் சுமார் 11. அரை மணி அரை மணியாகக் கணக்கிட்டால், 11க்கு மேல் போன ஒன்றேகால் மணி ஒன்றரை மணியாகும். ஆக, சுமார் 17 பங்கு.

அட்வான்ஸ் கொடுக்கும்போதே முடியும் மணியையும், ஓவர்டைம் விகிதத்தையும், அன்றிரவு அதற்குச் சரி சொல்ல வேண்டியவர் பெயரையும் எழுதி வாங்குங்கள். கூட்டத்தில் யாரோ மாமா "இன்னும் ரெண்டு பாட்டு" என்று கத்துவதெல்லாம் ஒப்புதல் ஆகாது.

மண்டபத்தில் மதியம் 12க்குள் செட் பண்ணிவிட வேண்டுமாம், நிகழ்ச்சி 7க்கு. காத்திருப்புக்கும் காசா?

ஆம். அந்தக் கருவிகளை அன்று வேறு இடத்துக்கு அனுப்ப முடியாது, காவலுக்கும் ஓர் ஆள் இருக்க வேண்டும். இதையும் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள்.

ஹாலிலேயே ஸ்பீக்கர் இருக்கிறதே, டி.ஜே. மட்டும் போதாதா?

கூரையில் பதித்த சின்ன ஸ்பீக்கர் என்றால் பேச்சுக்குத்தான் ஆகும், பேஸ் வராது. ஆட்டம் உண்டென்றால் சப் எடுங்கள்.