பயோவில் பழைய வேலைக்கு எந்தக் காலம்?

கேள்வி: வங்கி வேலையை விட்டுவிட்டு இப்போது தனியாகத் தொழில் செய்கிறேன். பயோவில் பழைய வேலையைப் ‘பணியாற்றுகிறார்’ என்று போடுவதா, ‘பணியாற்றினார்’ என்றா?

‘பணியாற்றுகிறார்’ வேண்டவே வேண்டாம். அந்தக் கிளைக்குப் போன் போட்டால் நீங்கள் கிடைப்பீர்கள் என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். ‘அவர் போய்விட்டாரே’ என்று அங்கே சொல்லிவிட்டால் உங்கள் மற்ற வரிகள் மீதும் சந்தேகம் வரும். லிங்க்ட்இன்னில் பழைய வேலைக்கு முடிவுத் தேதி போட்டாயிற்றா என்றும் பாருங்கள். போடாவிட்டால் அது Present என்றே காட்டிக்கொண்டிருக்கும்.

அதற்காக எல்லாவற்றையும் ‘-இனார்’ என்று முடித்தாலும் சிக்கல்தான். நூலாசிரியர் குறிப்புகளைத் திருத்துவது என் வேலை. ‘மூன்று நாவல்கள் எழுதினார்’ என்று வந்தால், ஆசிரியர் உயிரோடு இருக்கிறாரா என்று முதலில் விசாரிப்பேன். இருக்கிறார் என்றால் ‘எழுதியிருக்கிறார்’ என்று மாற்றுவேன். நாவல்கள் முடிந்தவை, ஆள் இன்னும் களத்தில் இருக்கிறார் என்பது அதில் வந்துவிடும். ‘எழுதி வருகிறார்’ என்பதோ இப்போதும் கை ஓடுகிறது என்ற உறுதிமொழி. ஐந்து வருடமாக ஒரு வரி எழுதாதவருக்கு அதைப் போடுவதில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். இப்படி எழுதியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்:

‘2012 முதல் வங்கியில் கடன் பிரிவில் பணியாற்றினார். தற்போது ஆலோசகர்.’

‘முதல்’ என்று தொடங்கினால் வேலை இன்னும் நடக்கிறது என்று காது எதிர்பார்க்கிறது, ‘பணியாற்றினார்’ அதை வெட்டுகிறது. அப்புறம், ‘ஆலோசகர்’ என்ற வினையில்லாத வரி. வேலை தேடிக்கொண்டிருப்பவர்களும் அதையே போட்டுக்கொள்வதால், உண்மையிலேயே தொழில் நடக்கிறதா என்பது தெரியாமல் போகிறது. நானாக இருந்தால் இப்படி மாற்றுவேன்:

‘சிறு தொழில் செய்பவர்களுக்கு வங்கிக் கடன் விண்ணப்பமும் திட்ட அறிக்கையும் தயாரித்துத் தருகிறார். அதற்கு முன் 12 ஆண்டுகள் வங்கியின் கடன் பிரிவில் பணியாற்றியவர்.’

இப்போதைய வேலை முன்னால் வந்துவிட்டது, அதுவும் நிகழ்கால வினையோடு. பழைய வேலை ‘பணியாற்றியவர்’ என்று உங்கள் அனுபவமாக ஒட்டிக்கொள்கிறது. ‘பணியாற்றி வந்தார்’ என்று மட்டும் போடாதீர்கள். ‘பிறகு என்ன ஆயிற்று?’ என்று படிப்பவர் கேட்கத் தொடங்கிவிடுவார்.

இதெல்லாம் நினைத்தபோது திருத்த முடிகிற இடங்களுக்கு. புத்தகப் பின்னட்டைக்கு என்றால் ‘தற்போது’ என்ற சொல்லை எடுத்துவிடுவேன். பிரதி பத்து வருடம் கழித்தும் யாரோ ஒருவர் கையில் இருக்கும், அன்றைக்கு அந்தத் ‘தற்போது’ எந்த வருடம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? ‘2024இல் ஆலோசனைத் தொழிலைத் தொடங்கினார்’ என்று போட்டால் என்றைக்குப் படித்தாலும் சரியாக இருக்கும். இங்கே மட்டும் ‘-இனார்’ உறுத்தாது, தொடங்குவது ஒரு தடவை நடப்பதுதானே.